அடுத்த வியாழன் கொலோனோஸ்கோபி, பாதியில் மயக்கம் தெளிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது

உசிலை ராணி
வியாழன், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 54, உசிலம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது, இரும்புச்சத்தும் ரொம்பக் குறைவு. 12 வருஷம் முன்னாடியே கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, அதனால் அந்த வழியில் ரத்தம் போக வாய்ப்பில்லை, வயிற்றுக்குள் எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லி, அடுத்த வியாழன் காலை 11 மணிக்குக் கொலோனோஸ்கோபி எழுதிக் கொடுத்துவிட்டார்.

என் சித்தி மகளுக்கு இரண்டு வருஷம் முன்னால் இதே டெஸ்ட் செய்தார்கள். பாதியில் முழிப்பு வந்து வலி தாங்காமல் கத்தினேன் என்று அவள் சொன்னதுதான் மனதிலேயே நிற்கிறது. உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரை என்னதான் செய்வார்கள்? ஏதாவது கட்டி இருந்தால் அப்போதே வெட்டுவார்களா, அது வலிக்குமா? ரிசல்ட் எப்போது தெரியும்? தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

செல்லூர் முருகன்
வியாழன், இரவு 10.05

பயப்படாதீங்கக்கா. எனக்குப் போன வருஷம்தான் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு மருந்தை ஸ்பிரே அடித்தார்கள், கொஞ்ச நேரத்தில் தொண்டை மரத்துப்போனது, பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்து டியூபை விட்டார்கள். இரண்டு மூன்று தடவை குமட்டியது, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டோடு சரி, வேறு ஒன்றுமே தயார் செய்யத் தேவையில்லை. எனக்கு அல்சர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

மேலூர் கணேசன்
வியாழன், இரவு 10.31

முருகன் தம்பி சொல்வது வாய் வழியாகப் பார்க்கிற எண்டோஸ்கோபி. இவங்க கேட்பது ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது. இதற்கு இப்போதெல்லாம் முழு மயக்கம் கொடுத்துவிடுவார்கள், ஆபரேஷன் மாதிரி ஒன்றுமே தெரியாது, முழிப்பு வரவே வராது. ஆனால் ஒன்று, குடல் சுவரில் வளர்ந்திருக்கிற சின்னக் கட்டியைப் பாலிப் என்று சொன்னால் அது கேன்சரின் முதல் படி, அதில் கத்தி படுவதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். எங்கள் சொந்தத்தில் ஒருத்தருக்குக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பியதற்கு அப்புறம்தான் பரவியது.

ஓய்வுபெற்ற சிஸ்டர்
வெள்ளி, காலை 6.15

ராணி, நான் எண்டோஸ்கோபி அறையில் 19 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் டாக்டர் கொடுத்த தாளில் உள்ளதுதான் முதல், நான் சொல்வது அதற்குத் துணை.

முதலில் ஒன்று கேட்கிறேன். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால் எப்போது நிறுத்த வேண்டும் என்று இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், வழக்கமாக ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்வோம். அந்த மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் மை மாதிரி ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு பேதி மருந்து குடித்தாலும் லேசில் போகாது.

முருகன் தம்பி எழுதியதும் உங்களுக்கு உதவும். இந்த வயதில் காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்தால் மேலேயும் கீழேயும் இரண்டையும் ஒரே மயக்கத்தில் பார்ப்பது வழக்கம், வாய் வழியை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கீழே. உங்களுக்கு ஒன்றா இரண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் வாயைத் திறக்கச் சொல்லும்போது திகைத்துப்போவீர்கள்.

கணேசன் சார், முழு மயக்கம்தான் எல்லா இடத்திலும் என்பது சரியில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

உசிலை ராணி
வெள்ளி, காலை 8.20

ஆமா சிஸ்டர், தினமும் ஒரு இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தேன்! காலையிலேயே போன் போட்டேன், இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மேலே கீழே இரண்டும்தான் என்றும் சொன்னார்கள்.

பேதி மருந்து ஒரு பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டுமாம், பாதி முந்தின நாள் சாயங்காலம், பாதி அன்று விடியற்காலை. விடியற்காலை குடித்துவிட்டு உசிலம்பட்டியிலிருந்து எப்படி பஸ்ஸில் வருவது? ஆரப்பாளையம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மொத்தத்தையும் முந்தின நாளே குடித்து முடித்தால் ஆகாதா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்
வெள்ளி, காலை 9.00

ஆகாது. ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கிக்கொண்டே இருக்கும், அது முதலில் வந்து சேருவது பெருங்குடலின் வலது பக்கத்தில்தான். சாயங்காலமே 2 லிட்டரையும் குடித்துவிட்டுப் படுத்தவர்களுக்குக் காலையில் பார்த்தால் இடது பக்கம் பளிச்சென்று இருக்கும், வலது பக்கம் மஞ்சள் கூழ் பூசினது போல இருக்கும். தட்டையான பாலிப்புகள் அதிகம் ஒளிந்திருப்பதும் அந்த வலது பக்கம்தான். விடியற்காலை குடிக்கிற அந்த ஒரு லிட்டர் அதைக் கழுவத்தான்.

மதுரையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் புதன் மத்தியானமே அங்கே போய்விடுங்கள். கக்கூஸ் பக்கத்தில் இருக்கிற அறை வேண்டும், அதுதான் முக்கியம். சாயங்காலம் 6 மணிக்கு முதல் லிட்டர், கால் மணிக்கு ஒரு டம்ளராக. மறுநாள் காலை 5 மணிக்கு இரண்டாவது லிட்டர், ஆறரைக்குள் முடித்துவிடலாம். அதற்கப்புறம் தண்ணீரை எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும் என்பதை மயக்க டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள். உப்பும் இனிப்பும் கலந்த ஒரு வழவழப்பு இருக்கும், ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் இறங்கிவிடும். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள்.

திங்களிலிருந்து கீரை, கொய்யா, தக்காளி விதை, வெண்டைக்காய், கேழ்வரகு எல்லாம் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், முட்டை போதும். புதன்கிழமை தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய ரசம், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் இல்லாத டீ. சிவப்பு சர்பத், ஜிகர்தண்டா இதெல்லாம் கூடாது, சிவப்பு நிறம் உள்ளே ரத்தம் மாதிரியே தெரியும்.

கடைசியில் போவது சிறுநீர் நிறத்தில், கட்டி இல்லாமல், டம்ளரில் பிடித்தால் அடி தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பழுப்பாகக் கலங்கலாகப் போனால் வெட்கப்படாமல் அங்கே போனவுடன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். கூடுதலாக மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் தள்ளி வைப்பார்கள்.

வாடிப்பட்டி தம்பி
வெள்ளி, பகல் 1.10

எனக்கு 29 வயது, பெருங்குடல் புண் நோய் இருப்பதால் இதுவரை நான்கு தடவை கொலோனோஸ்கோபி செய்திருக்கிறேன். கடைசி இரண்டும் மயக்க மருந்தே இல்லாமல். ஸ்கிரீனை நானே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு இடத்தில் திரும்பும்போது மட்டும் வயிறு முறுக்கியது, 25 நிமிஷத்தில் முடிந்து நானே பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா, மயக்கம்தான் உங்களுக்குப் பயம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காசும் மிச்சம்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்
வெள்ளி, இரவு 8.45

தம்பி, உனக்கு ஒத்துவந்தது சந்தோஷம், மயக்கமே இல்லாமல் செய்துகொள்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் ராணிக்கு அது சரிவராது என்று நினைக்கிறேன், காரணம் சொல்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். டியூப் கிட்டத்தட்ட சுண்டுவிரல் பருமன்தான், ஆசனவாயில் ஜெல் தடவி முதலில் விரலால் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள், அந்த இடத்தில் மலம் வருவது போல ஒரு உணர்வு, அவ்வளவுதான். அதற்கு மேலே இடது அடிவயிற்றில் குடல் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கும். டியூபைத் தள்ளும்போது அந்த வளைவு ஒரு சுருளாகப் புடைத்துக்கொண்டால் குடலைத் தாங்கிப்பிடிக்கிற சவ்வு இழுபடும். முறுக்கி இழுக்கிற வலி அதுதான். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு அந்த இடத்தில் குடல் ஒட்டிக்கொண்டு மடங்கியிருக்கலாம், அதனால் சுருள் விழவும் வலிக்கவும் வாய்ப்பு அதிகம். ராணி, உங்களுக்கு அந்த ஆபரேஷன் ஆனதைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் சித்தி மகளுக்கும் வயிற்றில் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருந்ததா?

மயக்கம் இரண்டு விதம். ஒன்று மிடாசோலம், அதோடு வலிக்கு ஃபென்டனில், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பில் கொடுப்பார்கள். இதில் தூக்கக் கலக்கம்தான் வரும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், திரும்பிப் படு என்றால் படுப்பீர்கள். முக்கால்வாசி பேருக்கு அப்புறம் ஒன்றும் ஞாபகம் இருக்காது, சிலருக்குத் துண்டு துண்டாக ஞாபகம் நிற்கும். உங்கள் சித்தி மகளுக்கு இதைத்தான் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அவளுக்கு மயக்கம் தெளிந்ததாக இருக்காது, முதலிலிருந்தே அது அந்த அளவு மயக்கம்தான், யாரும் அதை முன்கூட்டி விளக்கிச் சொல்லவில்லை.

இரண்டாவது புரோபோஃபோல். பால் போல வெள்ளையாக இருக்கும், கையில் ஏறும்போது சுரீரென்று எரியும், ஒரு நிமிஷத்துக்குள் தூங்கிவிடுவீர்கள். இதற்கு மயக்க டாக்டர் ஒருத்தர் தலைமாட்டிலேயே நிற்க வேண்டும், ஏனென்றால் இது மூச்சை மந்தமாக்கும். விரலில் மாட்டுகிற கிளிப்பும் மூக்கில் ஆக்ஸிஜனும் அதற்காகத்தான். மருந்தை நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் தெளிந்துவிடும், கொடுத்துக்கொண்டே இருந்தால் தெளியாது. மேலே கீழே இரண்டும் ஒரே நேரத்தில் என்பதால் உங்களுக்கு இதைத்தான் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் எது என்று கேளுங்கள்.

எந்த மருந்தாக இருந்தாலும் வலித்தால் கையை அசைக்கலாம், முனகலாம். டாக்டர் டியூபைக் கொஞ்சம் பின்னால் இழுத்துச் சுருளை நேராக்குவார், நாங்கள் பக்கத்தில் நின்று வயிற்றை அழுத்திப் பிடிப்போம், இடது பக்கம் படுத்திருப்பவரை மல்லாக்கத் திருப்புவோம். மருந்தைக் கூட்டுவதும் உண்டு. எதற்கும் வழிவிடாவிட்டால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வேறு வழியில் பார்ப்பார்களே தவிர, கத்தக் கத்தத் தள்ளிக்கொண்டு போவது முறையில்லை.

சோழவந்தான் மருமகள்
சனி, காலை 10.20

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். என் மாமியாருக்கும் அடுத்த மாதம் இதே டெஸ்ட். சர்க்கரைக்கு மூன்று மாத்திரை போடுகிறார்கள். ஒரு நாள் முழுக்க வெறும் இளநீரில் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடாதா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்
சனி, காலை 11.00

இறங்கும், அதனால் மாத்திரைச் சீட்டை முன்கூட்டியே டாக்டரிடம் காட்டி, எதை எந்த நாளில் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். அதில் டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுகிற மாத்திரை இருந்தால் அதை மூன்று நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள், பட்டினியோடு அது சேர்ந்தால் சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. காலை முதல் நேரம் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பேதி மருந்து எது என்பதையும் கேட்க வேண்டும்.

மேலூர் கணேசன்
சனி, இரவு 7.30

சிஸ்டர், மயக்கம் விஷயத்தில் நீங்கள் சொன்னது புரிந்தது. ஆனால் பாலிப்பில் கத்தி பட்டால் பரவும் என்று நான் சொன்னதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை. நான் கண்ணால் பார்த்தது அது.

பரங்குன்றம் வாசன்
சனி, இரவு 9.15

கணேசன் அண்ணே, எனக்கு வெட்டி எடுத்து எட்டு மாதம் ஆகிறது, நடந்ததைச் சொல்கிறேன். வயது 61, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவன். இதய டாக்டரிடம் கேட்டு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளோபிடோகிரெலை ஐந்து நாள் முன்னால் நிறுத்தினேன், ஆஸ்பிரினை நிறுத்தவில்லை.

இரண்டு பாலிப் இருந்தது. ஒன்று இடது அடிவயிற்றில், 14 மில்லிமீட்டர், காம்போடு காளான் மாதிரி. இன்னொன்று வலது பக்கம் 4 மில்லிமீட்டர். ஒரே உட்காரலில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்தது அந்தக் கலக்க மருந்துதான், தொடையில் ஒரு ஜில்லென்ற பட்டையை ஒட்டியதும், “கட் பண்ணியாச்சு” என்று யாரோ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது, வெட்டிய வலி மட்டும் துளியும் இல்லை. பயாப்ஸி ஏழாம் நாள் வந்தது: அடினோமா, கேன்சர் இல்லை, காம்பு வெட்டிய விளிம்பு சுத்தம்.

ஆறாம் நாள் காலையில்தான் பிரச்சினை. மலத்தோடு கட்டி கட்டியாகச் சிவப்பு ரத்தம், ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை. தலை சுற்றியது. ஆட்டோ பிடித்து ஓடினேன், ஒரு நாள் படுக்க வைத்துக் கவனித்தார்கள், தானாகவே நின்றுவிட்டது. இரண்டு வாரம் வரை இப்படி வரலாம் என்று நான் பார்த்த ஆஸ்பத்திரியில் யாருமே சொல்லி அனுப்பவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது இன்னொரு குழப்பம். ஒரு வருஷத்தில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று என் டாக்டர் எழுதியிருக்கிறார். மகன் விசாரித்ததில் 10 மில்லிமீட்டருக்கு மேல் அடினோமா எடுத்தால் மூன்று வருஷம் என்கிறான். காசுக்காகச் சீக்கிரம் கூப்பிடுகிறார்களோ என்று சந்தேகப்படுகிறான்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்
ஞாயிறு, காலை 7.10

வெட்டும்போது வலிக்காததற்குக் காரணம், குடலின் உள்தோலுக்கு வெட்டுவதோ கிள்ளுவதோ தெரியாது. இழுத்தாலும் உப்பினாலும்தான் அதற்கு வலி. டியூபுக்குள்ளேயே ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதன் வழியாக மெல்லிய கம்பி வளையத்தை விட்டு, பாலிப்பின் கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்குவோம். சின்னதாக இருந்தால் இறுக்கிய இறுக்கிலேயே அறுந்துவிடும், மின்சாரம் தேவையில்லை. வாசன் சாருக்கு இருந்தது போலக் காம்புக்குள் தடித்த ரத்தக் குழாய் ஓடுகிற பாலிப் என்றால் மின்சாரம் கொடுத்துச் சுட்டு அறுப்பார்கள், தொடையில் ஒட்டிய பட்டை அதற்குத்தான். சுட்ட இடத்தில் ஒரு பொருக்கு உண்டாகும், அது ஐந்து ஏழு நாளில் உதிரும்போதுதான் உங்களுக்கு வந்த ரத்தம். குளோபிடோகிரெலைத் திரும்ப ஆரம்பித்ததும் சேர்ந்திருக்கும். இதைச் சொல்லாமல் அனுப்பியது தப்புதான்.

கணேசன் சார், எல்லாப் பாலிப்பும் ஒன்றில்லை. மலக்குடல் பக்கம் வருகிற குட்டி ஹைபர்பிளாஸ்டிக் பாலிப்புகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அடினோமா மாறக்கூடியதுதான், அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதிலும் பெரும்பாலானவை மாறுவதே இல்லை, மாறுகிறவற்றுக்கும் வருஷக்கணக்கில் ஆகும். விட்டு வைத்தால்தான் அந்த வாய்ப்பு, எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கதை முடிந்தது. கிள்ளியதால் பரவுவதில்லை. உங்கள் சொந்தக்காரருக்குக் கிள்ளும்போதே அது முற்றிப்போயிருந்திருக்கும், பயாப்ஸியில்தான் நமக்குத் தெரிய வந்திருக்கும்.

வாசன் சார், உங்கள் கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை எடுங்கள், பயாப்ஸி தாள் வேண்டாம். அதில் குடல் சுத்தம் எப்படி இருந்தது என்று பாஸ்டன் ஸ்கோர் எழுதியிருப்பார்கள். வலது, நடு, இடது என்று மூன்று எண் இருக்கும். அது என்ன?

பரங்குன்றம் வாசன்
ஞாயிறு, பகல் 12.40

தேடி எடுத்துவிட்டேன். வலது 1, நடு 2, இடது 2. மொத்தம் 9க்கு 5.

ஓய்வுபெற்ற சிஸ்டர்
ஞாயிறு, பகல் 2.05

அப்படியானால் உங்கள் டாக்டர் எழுதியது சரி என்றே எனக்குப் படுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 வரை மார்க், குறைந்தது 2 இருந்தால்தான் அந்தப் பக்கம் பார்த்ததாகக் கணக்கு. உங்கள் வலது பக்கம் 1, அதாவது சுவரின் ஒரு பகுதி மலம் மூடித் தெரியவே இல்லை. 14 மில்லிமீட்டர் பாலிப்புக்கு மூன்று வருஷம் என்று உங்கள் மகன் சொல்வது, எல்லாப் பக்கமும் நன்றாகத் தெரிந்திருந்தால் பொருந்துகிற கணக்கு. சரியாகத் தெரியாதவர்களை ஒரு வருஷத்துக்குள் திரும்பக் கூப்பிடுவதுதான் முறை. பேதி மருந்தை எப்படிக் குடித்தீர்கள்?

பரங்குன்றம் வாசன்
ஞாயிறு, மாலை 5.30

இரண்டு லிட்டரையும் முந்தின நாள் சாயங்காலமே குடித்தேன், அப்படித்தான் சொன்னார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் கொய்யா சாப்பிட்டதும் ஞாபகம் வருகிறது. மகனிடம் இதைக் காட்டுகிறேன். அடுத்த தடவை ராணி தங்கச்சிக்குச் சொன்ன மாதிரி பிரித்துக் குடிப்பேன்.

மேலூர் கணேசன்
ஞாயிறு, இரவு 8.00

வாசன் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு சிஸ்டர் சொல்வதில் நியாயம் தெரிகிறது. எங்கள் சொந்தக்காரர் விஷயத்தில் மட்டும் என் மனது இன்னும் ஒப்பவில்லை, விட்டுவிடுகிறேன்.

உசிலை ராணி
செவ்வாய், இரவு 9.00

சித்தி மகளிடம் கேட்டேன் சிஸ்டர், அவளுக்கு இரண்டு சிசேரியன். நீங்கள் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் குடலில் ஓட்டை விழலாம் என்று போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அப்புறம் உடை மாற்றுவது பற்றியும் கூச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற சிஸ்டர்
செவ்வாய், இரவு 9.50

ஓட்டை விழுவது உண்மையிலேயே நடக்கக்கூடியது, அதனால்தான் எழுதி வாங்குகிறார்கள். வெறுமனே பார்க்கும்போது ஆயிரத்தில் ஒருத்தருக்கும் குறைவு, பெரிய பாலிப் எடுக்கும்போது கொஞ்சம் கூடும். முடிந்த பிறகு வயிறு உப்பி இருப்பது உள்ளே விட்ட காற்றினால், அது பிரியப் பிரியக் குறையும். அங்கே வெட்கப்பட்டு அடக்காதீர்கள், எல்லாரும் அதற்காகத்தான் காத்திருப்போம். அப்படிக் குறையாமல் வலி ஏறிக்கொண்டே போனால், வயிறு பலகை மாதிரி இறுகினால், காய்ச்சல் வந்தால், அன்று ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

பின்பக்கம் திறந்த கவுன் கொடுப்பார்கள், மேலே போர்வை போட்டு, தேவையான இடத்தை மட்டும்தான் விலக்குவோம். பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். அன்றைக்குக் கத்தரிக்கோல், தையல் மெஷின், எந்தத் தாளிலும் கையெழுத்து, எதுவும் வேண்டாம்.

உசிலை ராணி
வெள்ளி, காலை 10.30

நேற்று முடிந்தது. ஒருவரும் விடாமல் விசாரித்தீர்களே என்று வந்தவுடன் எழுதுகிறேன்.

ஆரப்பாளையத்தில் தங்கச்சி வீட்டில்தான் தங்கினேன். இரண்டாவது லிட்டர் குடிக்கும்போது பாதியில் வாந்தி வரப் பார்த்தது, அரை மணி நேரம் விட்டுக் குடித்தேன். காலை 8 மணிக்கு மேல் மஞ்சள் தண்ணீராகத்தான் போனது. உள்ளே இடது பக்கம் படுக்க வைத்தார்கள், கர்ப்பப்பை எடுத்ததை நானே சொன்னேன், டாக்டர் குறித்துக்கொண்டார். கையில் வெள்ளை மருந்து ஏறும்போது எரிந்தது, கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து நர்ஸ் கன்னத்தைத் தட்டி ராணியம்மா என்று கூப்பிட்டது. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. வளைவில் கஷ்டப்பட்டதாகவும் வயிற்றை அழுத்திப் பிடித்துத்தான் போனதாகவும் டாக்டர் அப்புறம் சொன்னார். சாயங்காலம் வரை வயிறு உப்பலாக இருந்தது, இன்றைக்கு இல்லை.

ஸ்கோர் 3, 3, 3. வலது பக்கத்தில் 7 மில்லிமீட்டரில் தட்டையாக ஒரு பாலிப், சூடு வைக்காமல் எடுத்துவிட்டார்கள். மேலே வயிற்றில் புண் இல்லை, சிறுகுடலின் ஆரம்பத்தில் நான்கு துளி கிள்ளி அனுப்பியிருக்கிறார்கள். பயாப்ஸி அடுத்த வியாழன். ஆனால் இவ்வளவு சின்னப் பாலிப்பால் ஹீமோகுளோபின் 8.6க்கு இறங்காது என்கிறார் டாக்டர், பயாப்ஸியிலும் காரணம் தெரியவில்லையென்றால் கேப்ஸ்யூல் கேமரா விழுங்கிச் சிறுகுடலைப் பார்க்க வேண்டி வருமாம்.

இரும்பு மாத்திரையை நாளையிலிருந்து தொடரச் சொன்னார். திரும்ப மலம் கறுப்பாகப் போகுமே, பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற சிஸ்டர்
வெள்ளி, காலை 11.15

3, 3, 3 என்றால் நீங்கள் குடித்தது வீண் போகவில்லை ராணி. டாக்டர் சொன்ன காரணமும் சரிதான், சிறுகுடல் பயாப்ஸி எதற்கென்றால் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுகிறதா என்று பார்ப்பதற்கு.

இரும்பு மாத்திரையின் கறுப்பு கரும்பச்சை கலந்து, கெட்டியாக, வழக்கமான நாற்றத்தோடு இருக்கும். பாலிப் எடுத்த இடத்து ரத்தம் பெரும்பாலும் சிவப்பாக அல்லது கருஞ்சிவப்புக் கட்டியாகத்தான் வரும். சூடு வைக்காமல் எடுத்ததால் வாசன் சாருக்கு வந்த மாதிரி பிந்தி வரும் வாய்ப்பு உங்களுக்குக் குறைவு. துடைக்கும்போது ஒரு சொட்டு தெரிந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு கைப்பிடி அளவுக்கு வந்தாலோ, இரண்டாவது தடவையும் வந்தாலோ, தார் மாதிரி பிசுபிசுப்பாக வேறு நாற்றத்தோடு போய்த் தலை சுற்றினாலோ, உங்களுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு என்பதால் ஊரில் காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் வரை கனமான துணி மூட்டை தூக்க வேண்டாம். வியாழக்கிழமை தாள் வந்ததும் அதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.